உணவுத் திட்டத் தாளின் எண்களைச் சரிபார்க்கும் முறை

உணவுத் திட்டத் தாளைப் பெறுவோர் பெரும்பாலும் காலையில் இட்டிலி எத்தனை, மதியம் சோறு எவ்வளவு என்பதையே முதலில் பார்க்கின்றனர். அதே தாளின் தலைப்பகுதியில் உயரம், எடை, உடல் நிறைச் சுட்டெண் எனப்படும் பி.எம்.ஐ., நாளொன்றுக்கான கலோரி அளவு ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். உணவின் அளவுகள் யாவும் அவ்வெண்களிலிருந்தே பெறப்படுகின்றன. அவற்றைச் சரிபார்க்கக் கைபேசியிலுள்ள கணிப்பானே போதுமானது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தச்சு வேலை செய்யும் 52 வயது ஆண். உயரம் 5 அடி 10 அங்குலம். எடை 80 கிலோ. நீரிழிவு நோய்க்காகக் கிளிமிபிரைடு மாத்திரை உட்கொள்பவர். அவருக்குத் தரப்பட்ட தாளில் சுட்டெண் 33.1 என்றும், அடைய வேண்டிய எடை 56 கிலோ என்றும், நாளொன்றுக்கு 1,300 கலோரி என்றும் உள்ளன.

முதலில் சுட்டெண். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எழுதி, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் அது கிடைக்கும். 5 அடி 10 அங்குலம் என்பது 70 அங்குலம், அதனை 2.54 ஆல் பெருக்க ஏறத்தாழ 178 செ.மீ., அதாவது 1.78 மீட்டர். 80 ஐ 1.78 ஆல் வகுத்து, விடையை மீண்டும் 1.78 ஆல் வகுத்தால் 25.2 வருகிறது. தாளில் இருப்பதோ 33.1.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? 5 அடி 10 அங்குலத்தை "5.10" என்று எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. கணினி அதனை ஐந்தே கால் அடிக்கும் குறைவான 5.1 அடியாக, அதாவது 155 செ.மீ. அளவாகவே எடுத்துக்கொள்ளும். அந்த உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் 33.1 வந்துவிடும். இந்தியர்களுக்குச் சுட்டெண் 23 முதல் மிகை எடை, 25 முதல் உடற்பருமன் எனக் கொள்கிறோம். எனவே இவர் பருமன் எல்லையைச் சற்றே தாண்டியவர். 73 கிலோவுக்கு இறங்கினாலே போதும். தாள் கூறும் 56 கிலோவை அடைவாராயின் அவருடைய சுட்டெண் 17.7 ஆகும். 18.5 க்குக் கீழே இருப்பது எடைக்குறைவு என்பதைக் கருதினால், தாள் அவரை எங்கே கொண்டு செல்கிறது என்பது விளங்கும்.

அடுத்து கலோரி. ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலை மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரத்தால் மதிப்பிடலாம். எடையை 10 ஆலும், செ.மீ. உயரத்தை 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். ஆண்களுக்கு அதனுடன் 5 ஐக் கூட்டுவர். பெண்களுக்கு 161 ஐக் கழிப்பர்.

10 × 80 + 6.25 × 178 − 5 × 52 + 5 = 1,658

இதனைச் செயல்பாட்டுக் காரணியால் பெருக்க வேண்டும். நாள் முழுதும் அமர்ந்திருப்போருக்கு 1.2, சிறிதளவு நடமாட்டம் உள்ளோருக்கு 1.375, நின்றும் நடந்தும் உழைப்போருக்கு 1.55, கடும் உடலுழைப்புக்கு 1.725. தச்சருக்கு 1.55 பொருந்தும், பெருக்கினால் ஏறத்தாழ 2,570. எடை குறைய அதில் 500 ஐக் கழித்தால் 2,070 கலோரி. தாளில் பிழையான உயரத்துடன் 1.2 என்ற காரணியும் சேர்ந்ததால்தான் 1,300 வந்தது. இவ்விரண்டில் உயரப் பிழையின் பங்கு சிறிது. காரணியின் பங்கே பெரிது. அரை மணி நேர நடைப்பயிற்சியை மட்டும் வைத்து அலுவலகப் பணியாளர் 1.725 என்று எழுதிக்கொள்வதும் இதே பிழைதான்; அங்கு எடை குறையாது, அவ்வளவே.

தச்சரின் நிலையில் ஆபத்து உண்டு. கிளிமிபிரைடு, உணவு குறைந்தாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். தேவையைவிட 1,200 கலோரிக்கு மேல் குறைத்து உண்டு, பட்டறையிலும் உழைப்பாராயின் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து அருந்தி, பதினைந்து நிமிடங்களில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மயங்கியவருக்கு வாயில் எதையும் புகட்டலாகாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் தாளைக் காட்டுங்கள். மருந்தளவையும் மாற்ற நேரிடலாம்.

கால் வீக்கமோ வயிற்றில் நீர்க்கோவையோ உள்ளவர்களுக்கும், கருவுற்றவர்களுக்கும் இக்கணக்கு பொருந்தாது. மற்றவர்களுக்கும் 2,070 என்பது தொடக்க மதிப்பீடே. இச்சூத்திரம் இந்தியர்களுக்குச் சற்று மிகுதியாகவே காட்டும். வாரம் ஒருமுறை, காலையில், ஒரே எடைக்கருவியில் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். நான்கு வாரங்களில் ஒன்று முதல் இரண்டு கிலோ குறைந்திருந்தால் இலக்கு சரி; சிறிதும் குறையாவிடில் 150 அல்லது 200 கலோரியைக் குறைப்பது பற்றி உணவியல் வல்லுநருடன் பேசலாம்.