தங்கரேக்குக்குப் பின்னால் ஒரு பலகை

வீட்டில் பழைய தஞ்சாவூர்ப் படம் இருந்தால் அதை முன்னால் நின்று பார்ப்பதோடு சரி. ரேக்கு மின்னுகிறது, கண்ணன் சிரிக்கிறான், படம் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். விவரம் தெரிந்த வியாபாரி வந்தால், படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார். தங்கம் மங்காது. அதனால் மற்றதெல்லாம் கெட்டிருந்தாலும் அது மறைத்துவிடும்.

இந்தப் படம் அடுக்கடுக்காகக் கட்டியது. அடியில் மரப்பலகை, பெரும்பாலும் பலா. அதன்மேல் ஒட்டிய துணி. துணியின்மேல் சுண்ணாம்புத்தூளும் பசையும் குழைத்த பூச்சு. நகையும் தூணும் வருமிடத்தில் மக்கு வைத்த புடைப்பு, அதற்கும் மேலே ரேக்கு, கல், வண்ணம். ஈரத்தில் பலகை விரியும், வறட்சியில் சுருங்கும். மக்கு அப்படி வளைந்துகொடுக்காது, வெடிக்கும். வெடிப்பின் ஓரம் மேலே தூக்கிக்கொண்டால், ரேக்கோடு சேர்ந்து சில்லாக உதிர்ந்துவிடும்.

இரண்டடி உயர ராமர் பட்டாபிஷேகப் படம் ஒன்று சென்னை வீட்டின் வெளிச்சுவரில் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழையில் அந்தச் சுவர் ஊறும். பலகையின் முதுகு சுவரோடு ஒட்டி ஈரத்தை வாங்கும். முன்பக்கம் கண்ணாடிக்குள் அந்த வேகத்தில் ஊறாது. பலகை வில்லாக வளையும். இதற்கு முதல் வைத்தியம் படத்தை உள்சுவருக்கு மாற்றுவது. அடுத்தது, சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுக்கு வழிவிடுவது. மலிவான ஈரப்பதமானி ஒன்றைப் படத்தின் அருகே வையுங்கள். நாள்கணக்கில் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூசணம் பூக்கும் நிலை வந்துவிட்டது. ஏசி அறை பாதுகாப்பு என்றும் நம்ப வேண்டாம். இரவில் வறண்டு பகலில் ஊறும் ஏற்ற இறக்கம், ஒரே அளவில் நிற்கும் மிதமான ஈரத்தைவிடக் கெடுதல்.

பூஜை அறைப் படங்களின் சேதம் பல நேரம் கீழ்விளிம்பில்தான் தொடங்கும். கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை ஈரத்துணியால் துடைக்கும்போது தண்ணீர் வழிந்து சட்டத்துக்குள் இறங்குகிறது. சாமி கோபிக்க மாட்டார், பொட்டைச் சட்டத்தின் மரத்தில் வையுங்கள். துடைப்பதற்கு நன்றாகப் பிழிந்த துணி போதும். கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொட்டால் அந்த இடத்தில் ஈரம் தங்கி வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

வெளிச்சம் செய்யும் சேதம் சிறுகச் சிறுகக் கூடும், திரும்ப வராது. ஜன்னலோரம் 500 லக்ஸ் வெளிச்சத்தில் ஓராண்டு இருந்த படம், 50 லக்ஸ் உள்ளறையில் பத்தாண்டு இருந்ததற்குச் சமமான ஒளியை வாங்கியிருக்கும். செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் எடுத்த சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். சட்டத்தைப் பிரிக்கும் சமயம் வந்தால், விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த கோடு போன்ற பகுதியைக் கவனியுங்கள். அந்தச் சிவப்பு நடுவில் உள்ளதைவிட அடர்த்தியாக இருந்தால் இடம் மாற்றியே ஆக வேண்டும்.

பூச்சி விஷயத்துக்கு வருவோம். கரையான் சுவரில் மண்கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். இராமபாணப் பூச்சி பசையை மேயும். மோசமானது மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. குண்டூசித் தலையளவு ஓட்டை தெரியும்போது வண்டு வெளியேறிவிட்டது, ஆனால் உள்ளே அடுத்த புழு இருக்கலாம். படத்துக்குக் கீழே கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் விடுங்கள். மாவு போன்ற வெளிர் தூள் புதிதாக விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. மண்ணெண்ணெய் தடவுவதும் மருந்து அடிப்பதும் மரத்துக்குள் இருக்கும் புழுவை எட்டாது, வண்ணத்தைத்தான் கறைப்படுத்தும். அந்துருண்டையும் அப்படியே. படத்தை மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து வைத்துவிட்டு, ஆக்சிஜன் நீக்கிய உறையில் வாரக்கணக்கில் வைத்துப் புழுவைக் கொல்லத் தெரிந்த நிபுணரைத் தேட வேண்டியதுதான்.

மாட்ட இடமில்லாமல் எடுத்து வைப்பதானால் மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரண் வேண்டாம், அங்கே கோடை கொதிக்கும். கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, உள்ளறை அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

சில்லு உதிர்ந்திருந்தால் அதைப் பொறுக்கி, விழுந்த இடத்தைக் குறித்து, உறையில் பத்திரப்படுத்துங்கள். புதிய ரேக்கு ஒட்டி, முகத்துக்கு வண்ணம் தீட்டிப் 'புதுசாக்கி'த் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் பழைய படத்துக்கான விலை போய்விடும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ரசாயனப் பாதுகாப்புக் கூடம் 1930 முதல் இயங்குகிறது. யாரிடம் கொடுக்கலாம் என்று முதலில் அங்கே விசாரித்துப் பாருங்கள்.