60 பேர் போராட்டம், ஒரு கொலை: யார் மீதெல்லாம் வழக்கு நிற்கும்?

ஒரு கற்பனைச் சம்பவம். ஓர் ஊரின் ஏரிக்கரையில் நகராட்சி குப்பை கொட்டுகிறது. அதை எதிர்த்து காலை 9 மணிக்கு குப்பைக் கிடங்கு வாசலுக்குப் பக்கத்தில் 60 பேர் உட்காருகிறார்கள். தலைமை தாங்குபவர் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். கையில் பதாகைகள், வாயில் கோஷம், அவ்வளவுதான். வழியைக்கூட யாரும் மறிக்கவில்லை.

11.30 மணிக்கு குப்பை லாரி வந்து உள்ளே போகிறது. கூட்டத்தில் சலசலப்பு. "இன்னைக்கு லாரியை உடைக்காம போகக் கூடாது" என்று ஒரு குரல். 8 இளைஞர்கள் எழுந்து ஓடி, கேட்டைத் தள்ளி உடைத்து, லாரி கண்ணாடியை நொறுக்குகிறார்கள். காவலாளி தடுக்க வருகிறார். அந்த 8 பேரில் இருவர் அண்ணன் தம்பி. தம்பி காவலாளியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, அண்ணன் சாக்குப்பைக்குள் வைத்திருந்த இரும்புக் கம்பியை எடுத்து தலையில் அடிக்கிறார். காவலாளி இறந்துபோகிறார்.

வாசலில் இன்னும் 52 பேர். அதில் ஒருவர் நடந்தது எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கொலை வழக்கு யார் மீது? அடித்தவர் ஒருவர் மீதா, அண்ணன் தம்பி இருவர் மீதா, உள்ளே ஓடிய 8 பேர் மீதுமா, இல்லை 60 பேர் மீதுமா? சட்டக் கல்லூரித் தேர்வில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. போராட்டம் கைமீறிப் போகிற எந்த ஊரிலும் காவல் நிலையத்தில் முதலில் எழும் கேள்வியும் இதுதான்.

முதலில், கூட்டம் எப்போது சட்டவிரோதம் ஆகிறது?

5 பேர் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அவர்களுடைய பொது நோக்கம், சட்டம் குறிப்பிட்டுச் சொல்லும் 5 வகை நோக்கங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 189-வது பிரிவு இதைச் சொல்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு இதுவே ஐபிசி 141. அரசை வன்முறை காட்டி மிரட்டுவது, சட்டம் அமலாவதை எதிர்த்துத் தடுப்பது, சொத்தைச் சேதப்படுத்துவது அல்லது அத்துமீறி நுழைவது போன்ற குற்றங்களைச் செய்வது, பலவந்தமாகச் சொத்தைக் கைப்பற்றுவது, ஒருவரைப் பலவந்தப்படுத்தி ஒரு செயலைச் செய்யவோ செய்யாமல் இருக்கவோ வைப்பது. இவைதான் அந்த ஐந்தும்.

'எதிர்ப்பு தெரிவிப்பது' இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கரூர் மாவட்டப் போராட்டம் ஒன்று தொடர்பான ஜீவானந்தம் வழக்கில் 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தபோது சுட்டிக்காட்டியதும் இதைத்தான். போராட்டம் எந்த வகையில் சட்டவிரோதக் கூட்டம் ஆனது என்றே அந்தப் புகாரில் சொல்லப்படவில்லை.

ஆக, காலை 9 மணிக்கு டீச்சர் உட்பட 60 பேரும் செய்தது குற்றமே இல்லை. ஆனால் இன்னொரு விதியும் உண்டு. கூடும்போது சட்டப்படி கூடிய கூட்டம், பிறகு சட்டவிரோதக் கூட்டமாக மாறலாம். 11.30-க்கு நடந்தது அதுதான். ஆனால் மாறியது 60 பேரும் அல்ல. கேட்டை நோக்கி எழுந்து ஓடிய 8 பேரின் நோக்கம் அந்த நொடியில் லாரியை உடைப்பது. மற்ற 52 பேர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இப்போது அங்கே இரண்டு கூட்டங்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் "60 பேர் கும்பல்" என்று எழுதும் குற்றப்பத்திரிகை கோர்ட்டில் தடுமாறும்.

அந்த 8 பேரில் யாராவது ஒருவர் பொது நோக்கத்துக்காகப் பலாத்காரத்தைப் பயன்படுத்திய உடனே, 8 பேர் மீதும் 'கலகம்' என்ற குற்றம் விழுகிறது. 191-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. கொடிய ஆயுதத்தோடு வந்தவருக்கு 5 ஆண்டு வரை. பழைய ஐபிசியில் இது 3 ஆண்டாக இருந்தது.

கொலை யார் கணக்கில்?

இங்கேதான் இரண்டு சொற்கள் குழப்பும். பொது நோக்கம் ஒன்று, பொது எண்ணம் இன்னொன்று. வக்கீல்கள் காமன் ஆப்ஜெக்ட், காமன் இன்டென்ஷன் என்பார்கள். கேட்க ஒன்றுபோல இருந்தாலும் சட்டம் கேட்கும் கேள்விகள் வேறு வேறு.

பொது எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். இது 3-வது பிரிவின் 5-வது உட்பிரிவு, பழைய ஐபிசி 34. இரண்டு பேர் இருந்தால் போதும். ஆனால் அந்த இரண்டு பேரின் மனதும் முன்கூட்டியே ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும், இருவரும் ஏதாவது ஒரு வகையில் செயலில் பங்கெடுத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் திட்டம் போட வேண்டியதில்லை, சம்பவ இடத்திலேயே சில நொடிகளில் உருவாகலாம். ஆனால் செயலுக்கு முன்பு உருவாகியிருக்க வேண்டும்.

இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் வழக்கு மெஹ்பூப் ஷா வழக்கு. சிந்து நதிக்கரையில் நாணல் வெட்டியதில் தகராறு. அடிவாங்கியவர் உதவிக்குக் கூப்பிட, இரண்டு பேர் துப்பாக்கியோடு ஓடிவந்தார்கள். ஒருவர் சுட்டதில் ஒருவர் இறந்தார். இன்னொருவரான மெஹ்பூப் ஷா சுட்டதில் வேறொருவர் காயமடைந்தார். 1945-ல் பிரிவி கவுன்சில், மெஹ்பூப் ஷா மீதான கொலைத் தண்டனையை ரத்து செய்தது. இருவருக்கும் ஒரே மாதிரி எண்ணம் இருந்திருக்கலாம், ஆனால் அது பொதுவான எண்ணம் ஆகிவிடாது என்பதுதான் காரணம். ஒரே பஸ்ஸுக்காக ஓடும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே எண்ணம்தான், ஆனால் பேசிவைத்து ஓடவில்லை.

நம் கதையில் தம்பி பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட நேரத்தில்தான் அண்ணன் அடித்தார். கம்பி வீட்டிலிருந்தே சாக்குப்பையில் வந்தது. கம்பி இருப்பது தம்பிக்குத் தெரியும், அடிப்பதற்காகத்தான் பிடித்துக்கொண்டார் என்று நிரூபித்துவிட்டால், தம்பி ஓர் அடிகூட அடிக்காவிட்டாலும் கொலைக்கு அவரும் முழுப் பொறுப்பு.

மீதி 6 பேர்? அவர்கள் காவலாளியைத் தொடவே இல்லை. அவர்களிடம் அரசுத் தரப்பு கையில் எடுப்பது பொது நோக்கத்தை. 190-வது பிரிவு, பழைய ஐபிசி 149. இதில் 'நீ என்ன செய்தாய்' என்பது முதல் கேள்வி அல்ல. குற்றம் நடந்த நேரத்தில் நீ அந்தச் சட்டவிரோதக் கூட்டத்தின் உறுப்பினரா? அந்தக் குற்றம் கூட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றுவதற்காக நடந்ததா? அல்லது, அப்படி ஒன்று நடக்க வாய்ப்பு இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருந்ததா? உறுப்பினர் என்பதோடு பின்னால் உள்ள இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால், கையைக் கட்டிக்கொண்டு நின்றவருக்கும் அடித்தவருக்கும் ஒரே குற்றம்.

எனவே 6 பேரின் தலையெழுத்து ஒரு சின்ன விவரத்தில் தொங்குகிறது: அந்தக் கம்பியை அவர்கள் எப்போது பார்த்தார்கள்?

கம்பி கடைசி நொடி வரை சாக்குப்பைக்குள்ளேயே இருந்தது என்றால், அவர்களின் நோக்கம் கேட்டும் லாரியும்தான். காவலாளியைக் கொல்வது அந்த நோக்கத்தை நிறைவேற்றும் செயல் அல்ல, நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. கலகம், சொத்துச் சேதம், அத்துமீறல் ஆகியவை அவர்கள் மீது நிற்கும். கொலை நிற்பது கஷ்டம்.

அப்படியே கதையை மாற்றுவோம். கேட்டை உடைக்கும்போதே மூன்று பேர் கையில் கம்பி தெரிகிறது. "தடுக்க வர்றவன் தலையைப் பிளந்துடு" என்று ஒருவர் கத்துகிறார். எல்லோரும் கேட்கிறார்கள், கேட்ட பிறகும் உள்ளே ஓடுகிறார்கள். இப்போது உயிர் போகலாம் என்பது தெரிந்தே சேர்ந்து போனதாகிறது. லாரி கண்ணாடியில் ஒரு கல் மட்டும் எறிந்தவர்கூட ஆயுள் தண்டனையை எதிர்கொள்ள நேரிடும். கத்தலைக் கேட்டதும் ஒருவர் திரும்பி வெளியே வந்துவிட்டார் என்றால், அடி விழுந்த நேரத்தில் அவர் உறுப்பினரே இல்லை. அதுவரை நடந்த உடைப்புக்கு மட்டும் அவர் பதில் சொன்னால் போதும்.

எண்ணிக்கை செய்யும் வேலை

விசாரணையில் இன்னொரு திருப்பம் வரலாம். 8 பேரில் 5 பேரை சாட்சிகளால் அடையாளம் காட்ட முடியவில்லை, விடுதலை. மிச்சம் மூன்று பேர்: அண்ணன், தம்பி, கேட்டை உடைத்த ஒருவர். 5 பேர் இல்லாமல் சட்டவிரோதக் கூட்டம் கிடையாதே!

"உள்ளே ஓடியது 8 பேர்தான், ஆனால் 5 பேர் யாரென்று தெரியவில்லை" என்று நீதிபதி சொன்னால் 190 பிழைத்துக்கொள்ளும். குற்றப்பத்திரிகை இந்த 8 பேரைத் தவிர வேறு யாரும் இல்லை என்று சொல்லி, அதில் 5 பேர் அங்கே இல்லவே இல்லை என்று முடிவானால் 190 விழுந்துவிடும். 1962-ல் மோகன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த சிக்கல் இதுபோன்றதே. குற்றம் சாட்டப்பட்ட ஐவரில் இருவர் விடுதலையானதால் 149 போய்விட்டது. ஆனாலும் நீதிமன்றம் 34-ஐ வைத்துத் தண்டனையைத் தக்கவைத்தது, ஏனென்றால் பொது எண்ணத்துக்கு அங்கே ஆதாரம் இருந்தது.

நம் கதையில் அது அண்ணன் தம்பிக்குப் பொருந்தும். கேட்டை உடைத்த மூன்றாமவருக்குப் பொருந்தாது. அவர்களோடு பேசிவைத்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் கணக்கில் கேட் மட்டும்தான் மிஞ்சும்.

சரி, வீடியோ எடுத்தவர்? 52 பேரோடு வெளியே நின்றவர் வெறும் பார்வையாளர். அவர் போன் அரசுத் தரப்புக்கு சாட்சியாகத்தான் பயன்படும். 8 பேரின் பின்னாலேயே கேட்டுக்குள் ஓடிப்போய், "அடி, அடி" என்று அவர் குரலும் அதே வீடியோவில் பதிவாகியிருந்தால் கதை வேறு. சும்மா அங்கே இருந்ததாலேயே ஒருவர் உறுப்பினர் ஆகிவிட மாட்டார். அதே சமயம், நோக்கத்தைப் பகிர்ந்துகொண்டு கூட்டத்தில் இருந்தவர், தனியாக ஒரு செயலும் செய்யாவிட்டாலும் தப்ப முடியாது. 1964-ல் மசால்ட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் விளக்கியது. அந்த வழக்கில் உயர் நீதிமன்றம், குறைந்தது நான்கு சாட்சிகள் முரணில்லாமல் அடையாளம் காட்டியவர்களைத்தான் தண்டித்திருந்தது. அப்படி எண்ணிப் பார்ப்பது இயந்திரத்தனமாகத் தெரியலாம், ஆனால் கூட்டம் கூட்டமாகக் குற்றம் சாட்டப்படும் வழக்குகளில் அது தவறான அளவுகோல் அல்ல என்று உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

டீச்சர்? அடி விழுந்தபோது அவர் வாசலில் நின்று "உள்ள போகாதீங்கப்பா" என்று கத்திக்கொண்டிருந்தார். வீடியோவில் அதுவும் இருக்கிறது.