ஆடிப்பெருக்கில் ஒரு குலவையைப் பதிவு செய்ய

ஆடி 18 அன்று திருவரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் காதுக்குக் கேட்பது ஒன்று, போனில் பதிவாவது வேறொன்று. காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் காவிரிக்குப் படைக்கும் ஒரு பாட்டி பாடுகிறார் என்றால், இரண்டடி தள்ளி நிற்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். வீட்டுக்கு வந்து அதே பதிவைப் போட்டால் காற்று படபடவென்று அடிக்கிறது. அதற்கு மேல் 'குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று குழாய் ஸ்பீக்கர் முழங்குகிறது. பாட்டு எங்கோ அடியில் கிடக்கிறது.

நமக்கு இரண்டு காதுகள் இருக்கின்றன. அவற்றில் விழும் ஒலிகளின் திசையைப் பிரித்தறிந்து, வேண்டியதை மட்டும் மூளை கவனித்துக்கொள்கிறது. மைக்குக்கு அந்தக் கவனம் கிடையாது. அதனால் காது செய்கிற வேலையை, மைக்கை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக் கொண்டு நாம்தான் செய்ய வேண்டும். பதிவு முடிந்தபின் கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால், பெரும்பாலும் அது சரியாவதில்லை.

முதலில் காற்று. பதிவில் கேட்கும் அந்தப் படபடப்பு படித்துறையில் இருக்கும் ஒலியே இல்லை. சுழன்று வரும் காற்று மைக்கின் மெல்லிய சவ்வின் மேல் மோதித் தள்ளுவதால், மைக்குக்குள்ளேயே பிறப்பது அது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அந்த அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அம்மியே பறக்கும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றில் ஒரு சிறு வேகக்கூடுதல்கூடப் பதிவைக் கெடுப்பது இதனால்தான். ஒரு பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் திசை மைக்குகள் காற்றுக்கு இன்னும் எளிதில் இரையாகும். எல்லாப் பக்கமும் கேட்கும் சாதாரண காலர் மைக் அந்த வகையில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

மைக்கோடு வரும் நுரை உறை, பேசுபவரின் மூச்சுக்காற்றுக்காகச் செய்தது. மெல்லிய காற்றுக்குப் போதும், ஆற்றங்கரைக்குப் போதாது. வீடியோ எடுப்பவர்கள் 'டெட்கேட்' என்று சொல்லும் நீள முடி வைத்த உறைதான் இங்கே வேண்டும். ஆயிரக்கணக்கான முடிகளும் அசைந்து காற்றின் வேகத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடுகின்றன. உறைக்கும் மைக்குக்கும் நடுவே அசையாத காற்று எவ்வளவு இடம் பிடித்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பலன் கூடும். அதனால் மைக்கோடு ஒட்டிய இறுக்கமான உறையைவிட, கூண்டு போல இடைவெளி விட்டு மூடும் உறை சிறந்தது. பொம்மை செய்யும் முடித் துணியில் வீட்டிலேயே தைக்கலாம். ஆனால் அடித்துணி நெருக்கமாக நெய்ததாக இருந்தால் பாட்டின் கூர்மையும் போய்விடும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். ஓரளவாவது மூச்சு வெளியேற வேண்டும். இன்னொன்று, முடி நனைந்து ஒட்டிக்கொண்டால் உறையால் பயனில்லை. படித்துறையில் தண்ணீர் தெறிக்காத நேரமே இராது என்பதால் உலர்ந்த உறை இன்னொன்று பையில் இருக்கட்டும்.

காற்றில்லாத இடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். படைக்க வந்த பெண்கள் அதை முன்னரே கண்டுபிடித்திருப்பார்கள். அகல் அணையாமல் எரிகிற இடத்தில்தான் தாம்பாளத்தை வைப்பார்கள். தூணின் மறைவு, படியின் உள்மூலை, நாலு பேர் நெருங்கி உட்கார்ந்த வட்டத்தின் நடுப்பகுதி எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்தால் காற்றின் போக்கும் தெரிந்துவிடும்.

அடுத்தது குழாய் ஸ்பீக்கர். காற்று, ஸ்பீக்கர், கூட்டம் ஆகிய மூன்றில் கடினமானது இதுவே. காற்றின் இரைச்சலில் பெரும்பகுதி, மனிதக் குரலுக்குக் கீழே, தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அதனால் அந்த அடிப்பகுதியை வெட்டினாலும் பாட்டுக்குச் சேதமில்லை. குழாய் ஸ்பீக்கரோ குரலைக் கொண்டுசேர்க்கவே செய்யப்பட்டது. பாட்டியின் குரல் எந்த அதிர்வெண்களில் இருக்கிறதோ அங்கேயேதான் அறிவிப்பாளரின் குரலும் இருக்கிறது. எந்த வடிகட்டியாலும் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிக்க முடியாது. ஜெனரேட்டர் உறுமல் போல மாறாத இரைச்சலைக் கணினியின் இரைச்சல் நீக்கி ஓரளவு குறைக்கும். நொடிக்கு நொடி மாறும் பேச்சிடமும் சினிமாப் பாட்டிடமும் அது தோற்றுப்போகும்.

ஆகவே தூரத்தையும் கோணத்தையும் நம்ப வேண்டியிருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் உட்காரும் படியில் ஸ்பீக்கரின் சத்தம் 80 டெசிபல் என்றும், ஒரு மீட்டர் தூரத்தில் பாட்டியின் குரல் 65 டெசிபல் என்றும் வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் 15 டெசிபல் முந்தியிருக்கிறது. மைக்கை வாயருகே கொண்டுபோகும்போது தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டரிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு, அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேலாகக் கொண்டுவந்தால் குரல் 77 ஆகிறது. ஸ்பீக்கர் ஏற்கெனவே தூரத்தில் இருப்பதால் அதன் அளவில் மாற்றமில்லை. இன்னும் 3 டெசிபல் பின்தங்கியிருக்கிறோம். அதைக் கோணம் ஈடுகட்டும்.

ஒவ்வொரு திசை மைக்குக்கும் காது கேளாத திசை ஒன்று உண்டு. கார்டியாய்டு என்ற வகைக்கு அது நேர் பின்புறம். ஹைப்பர்கார்டியாய்டுக்கு முன்பக்கத்திலிருந்து சுமார் 110 டிகிரி, அதாவது பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் பின்னால். மைக்கின் முகம் பாடுபவரைப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் செவிட்டுப் பக்கம் ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

அம்மா மண்டபத்தில் இதை எப்படிச் செய்வது? படித்துறை தெற்கே பார்த்துக் காவிரியில் இறங்குகிறது. ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஸ்பீக்கரைப் படிகளுக்கு மேலே, வடக்கில், உயரமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று கொள்வோம். பாட்டி ஆற்றைப் பார்த்துப் பாடினால், அவருக்கு எதிரே நீட்டும் மைக் நேராக ஸ்பீக்கரைப் பார்க்கும். அதைவிட மோசமான அமைப்பு கிடையாது. அவர் கிழக்கு நோக்கி உட்கார்ந்தால் எல்லாம் மாறிவிடும். பதிவு செய்பவர் அவருக்கு எதிரே, மேற்கைப் பார்த்து உட்காரலாம். காற்று பாட்டியின் முதுகில் பட்டு நிற்கும், அவர் உடம்பே மைக்குக்கு மறைப்பாகும். ஒரு கம்பியின் நுனியில் மைக்கைக் கட்டி, அவர் நெற்றிக்குச் சற்று முன்னால், மேலிருந்து வாயைப் பார்த்துச் சாய்வாகப் பிடித்தால், வடக்கே உயரத்தில் இருக்கும் ஸ்பீக்கர் ஏறக்குறைய அந்த 110 டிகிரியில் வந்து விழும். திறந்த வெளியில் இதனால் ஸ்பீக்கர் 10 டெசிபல் குறைந்தாலும் கணக்குத் திரும்பிவிடுகிறது, குரல் 7 டெசிபல் முந்துகிறது. மண்டபத்துக்குள் இந்தப் பலன் கிடைக்காது. கல் தூண்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் எந்தக் கோணமும் செவிட்டுக் கோணமாக இராது. திறந்த படிகளே நல்லவை.

நீளமான ஷாட்கன் மைக் இருந்தால் தூரத்திலிருந்தே பிடிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நீளக் குழாய் உயர்ந்த அதிர்வெண்களில்தான் குறுகலாகக் கேட்கிறது. தாழ்ந்தவற்றில் அது சாதாரணத் திசை மைக்தான். பத்தடி தள்ளி நிற்கும் விலையுயர்ந்த ஷாட்கனைவிட, ஒரு சாண் தூரத்தில் இருக்கும் சாதாரண மைக் கூட்டத்துக்கு நடுவே நன்றாக வேலை செய்யும்.

கூட்டத்தின் இரைச்சலுக்கும் நெருக்கம்தான் மருந்து. அது எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் கோணத்துக்கு அதிகம் கட்டுப்படாது. பாட்டியின் சம்மதம் பெற்று, ஒரு காலர் மைக்கைக் காற்று படாத தோள்பக்கம் நெஞ்சருகே குத்தி, அதைத் தனித் தடத்தில் பதிவு செய்வது நல்ல காப்பு. பட்டுப்புடவை உரசினால் சரசரப்பு விழும். பருத்தி மடிப்பில் மைக்கை அசையாமல் ஒட்டினால் குறையும். கூட்டம் முழுவதையும் நீக்கிவிட வேண்டும் என்று நினைப்பதும் தவறு. வளையல் ஓசையும் பிள்ளைகளின் கூச்சலும் ஆற்றுச் சலசலப்பும் சேர்ந்ததுதான் ஆடிப்பெருக்கு. பாட்டு முன்னால் இருக்க, அவை பின்னால் இருந்தால் போதும்.

ரெக்கார்டரில் இரண்டு பொத்தான்களைக் கவனிக்க வேண்டும். 'லோ கட்' என்பதை 80 ஹெர்ட்சில் வையுங்கள். பெண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 160 ஹெர்ட்சுக்கு மேலே இருப்பதால் அதற்கு இழப்பில்லை. பறையோ தவிலோ பதிவு செய்யும்போது மட்டும் இதை அணைத்துவிட வேண்டும். ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ அமைப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அறிவிப்பு வரும்போதெல்லாம் பாட்டு அமுங்கும், அது நின்றதும் கூட்டத்தின் இரைச்சல் பொங்கும். அளவைப் பாட்டுக்கு வைக்காமல் குலவைக்கு வையுங்கள். ஒரு சாண் தூரத்தில் குலவை திடீரென்று பாட்டைவிடப் பல மடங்கு உரக்க எழும். முன்கூட்டியே ஒருமுறை போடச் சொல்லி, அப்போது முள் மைனஸ் 6-ஐத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டால் பதிவு உடையாது.

காற்று உள்ளே வந்துவிட்டதா என்பதைப் போனின் சிறு ஸ்பீக்கரில் கேட்டு அறிய முடியாது. அது தாழ்ந்த ஒலிகளை எழுப்பவே எழுப்பாது. காதை மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அங்கேயே கேளுங்கள். யாரும் பாடாதபோதும் முள் துள்ளினால், அது காற்று.

கடற்கரையில் திதி கொடுப்பதைப் பதிவு செய்யும்போதும் இதே முறைதான், திசைகள் மட்டும் மாறும். பகலில் காற்று கடலிலிருந்து வரும், அலையும் அங்கேயே. எனவே மைக்கின் பின்புறம் கடலைப் பார்க்க வேண்டும். அதற்குக் கார்டியாய்டு பொருத்தமானது. அலையின் சீறல் எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருப்பதால் மந்திரத்தில் ச, ஸ போன்ற ஒலிகள் அதில் கரைந்துவிடும். அங்கே புரோகிதருக்குக் காலர் மைக் கட்டாயம்.

பொழுதைத் தேர்ந்துகொள்ள முடிந்தால் பாதி வேலை முடிந்தது. சூரியன் தரையைச் சூடாக்குமுன் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொதுவிடங்களில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. விழாக்களுக்கு அரசு தரக்கூடிய விலக்கும் நள்ளிரவு வரைதான். ஆடி 18 அன்று பலர் இருட்டோடு வந்து குளித்துப் படைக்கிறார்கள். அந்த விடியற்காலைப் பதிவுக்கு ஈடாகப் பகல் பதிவு எதுவும் வராது.

பகலில்தான் முடியும் என்றால் முந்தின நாளே போய் மைக் செட்காரரைப் பாருங்கள். எந்தக் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவர் காட்டுவார். தொலைந்த பிள்ளைகளைப் பற்றிய அறிவிப்பை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இடையில் போடும் சினிமாப் பாட்டைப் பத்து நிமிடம் தள்ளிப்போடும்படி பணிவாகக் கேளுங்கள். பாட்டி யார், எந்த ஊர், என்ன பாடப்போகிறார் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.