சொட்டு நீலம் காட்டிய வழி

மொட்டை மாடியில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் அக்காவிடம் உடனே பதில் இருந்தது. “மழைநீர்த் தொட்டிக்குத்தான். 2003லேயே கட்டிட்டோமே.” குழாய் வேலைக்கு வந்தவர் மறுத்துப் பேசவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்தார். மாடியின் வடகிழக்கு மூலையில் இருந்த வடிகால் வாயில் ஊற்றிவிட்டு, “சார், கீழே போய் ஒவ்வொரு மூடியாத் திறந்து பாருங்க” என்றார்.

நீலத் தண்ணீர் மழைநீர்த் தொட்டிக்கு வரவில்லை. கழிவுநீர்ச் சேம்பரில் வந்து நின்றது.

சென்னைப் புறநகரில் இருபத்தைந்து வருடப் பழைய வீடு அது. மாடிக்கு நாலு மூலையிலும் நாலு இறக்குக் குழாய்கள். அரைமணி நேரத்தில் நாலையும் நீலம் போட்டுப் பார்த்துவிட்டோம். இரண்டு குழாய்கள் தெருவில் கொட்டின. ஒன்று கழிவுநீர் இணைப்போடு சேர்ந்திருந்தது. நாலாவது மட்டும் மழைநீர்க் குழிக்குப் போனது. கனமழையில் தெருச் சாக்கடை மூடி பொங்கி, கழிவறை வழியாகத் தண்ணீர் எதிர்த்து வருவதாக அக்கா வருடாவருடம் புலம்புவதற்கு அந்த ஒரு குழாயும் காரணம்.

அவர் பதினைந்து வருடமாகக் குழாய் ரிப்பேர் செய்பவர். வாஷர் மாற்றுவது, மோட்டார் பொருத்துவதோடு, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வீடுகளின் மழைநீர் அமைப்பைச் சோதித்துச் சரிசெய்து கொடுப்பதைத் தனி வேலையாகவே இப்போது எடுத்துக்கொள்கிறார். “புதுசா கட்டச் சொல்லி யாரும் கூப்பிடறதில்ல. எல்லார் வீட்டிலயும் இருக்கு. ஆனா வேலை செய்யறதில்ல. அதைத்தான் நான் பார்க்கறேன்” என்கிறார்.

அவர் சொல்வதற்கு ஒரு பின்னணி உண்டு. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சில மாதக் கெடுவுக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் பல இடங்களில் கைக்குக் கிடைத்த அளவில் ஒரு குழியைத் தோண்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, ஒரு குழாயை மட்டும் அதில் விட்டு முடித்தார்கள். அதன்பின் அந்த மூடியைத் திறந்தவர்கள் குறைவு.

அக்கா வீட்டுக் குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் ஐந்தடி. திறந்தபோது மேலே ஒரு சாண் கறுப்புச் சேறு, அதன்கீழ் ஜல்லி. ஐந்து வாளித் தண்ணீர் ஊற்றினோம். காலையில் ஊற்றியது மாலைவரை அப்படியே நின்றது. வேறு சோதனையே தேவையில்லை என்றார் அவர். நன்றாக இயங்கும் குழியாக இருந்தால் அவ்வளவு தண்ணீர் சிறிது நேரத்தில் மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

அடைப்பு மட்டும் அதன் குறை இல்லை; அளவும் போதாது. இதற்கான கணக்கை எவரும் போடலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். அக்கா வீட்டு மாடி ஆயிரம் சதுர அடி, அதாவது சுமார் 93 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்வது சென்னைக்குச் சாதாரணம். அந்த இரவில் மாடியில் விழுவது 4,650 லிட்டர். தெறிப்பது, தளம் உறிஞ்சுவது, முதலில் வெளியே விடுவது எல்லாம் கழித்தாலும் 3,900 லிட்டர் கைக்கு வரும். ஐந்தடிக் குழி வெறுமையாக இருந்தால் சுமார் 1,270 லிட்டர் கொள்ளும். ஜல்லி நிரப்பியதும் இடைவெளிகளில் தங்குவது 500 லிட்டர்தான். மீதி எல்லாம் பொங்கி வாசலுக்கு ஓடும்.

சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ஒரு மாடியில் வருடம் முழுக்கக் கிடைப்பது ஏறக்குறைய 1,10,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரிக்கு ஒன்பது லோடு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அக்கா தெருவில் லாரிக்குக் காத்திருந்தது நினைவுக்கு வந்தது.

“முதல்ல சம்ப், மீதி பூமிக்கு” என்பது அவர் திட்டம். நாலு குழாய்களையும் கழிவுநீரிலிருந்தும் தெருவிலிருந்தும் பிரித்து, சுவரோரம் ஒரே வரிசையாக இணைக்க வேண்டும். இறக்குக் குழாய்கள் நாலு அங்குலம். எல்லாம் கூடும் இடத்திலிருந்து ஆறு அங்குலக் குழாய் போடச் சொன்னார். நாலு குழாய்த் தண்ணீரை ஒரு நாலு அங்குலக் குழாயில் திணித்தால் பெருமழையில் எதிர்த்துக்கொண்டு மாடியில் தேங்கும், அங்கிருந்து சுவருக்குள் கசியும்.

சம்புக்குப் போகுமுன் குழாயின் கீழ்ப்பக்கத்தில் ஒரு ‘டீ’ வைத்து, கையால் திருகி எடுக்கும் மூடி ஒன்றைப் பொருத்தினார். பருவத்தின் முதல் மழையிலும், பல நாள் இடைவெளிக்குப்பின் வரும் மழையிலும் இந்த மூடி திறந்திருக்க வேண்டும். மாடியிலுள்ள புழுதி, புறா எச்சம், சருகு எல்லாம் முதல் கால்மணி நேரத்தில் கழுவிக்கொண்டு வெளியே போய்விடும். தண்ணீர் தெளிந்ததும் மூடியைத் திருகிவிட வேண்டும். இந்தத் தண்ணீரைத் தானாகத் தேக்கி நிறுத்தும் குழாய் உண்டே என்று கேட்டேன். “பத்தடி உயரத்துக்கு நாலு இஞ்ச் குழாய் நிறுத்தினாலும் இருபத்தஞ்சு லிட்டர்தான் சார் பிடிக்கும். இந்த மாடியைக் கழுவ நூறு லிட்டராவது வேணும். கையால மூடறதுதான் நம்பகம்.”

அடுத்து வடிகட்டி. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் அடியில் கூழாங்கல், அதன்மேல் சின்ன ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே அரையடி கழுவிய ஆற்றுமணல். அடுக்குகள் கலக்காமல் நடுவே நைலான் வலை. மணலைக் கூடுதலாகப் போட்டால் தண்ணீர் இன்னும் சுத்தமாகும் என்று அக்கா நினைத்தார். ஆனால் மணல் தடிமனானால் பெருமழையின் வேகத்துக்கு வடிகட்டி ஈடுகொடுக்காது. வடிகட்ட முடியாமல் பொங்குவதும், சம்ப் நிரம்பியபின் வழிவதும் ஒரு குழாய் வழியாகக் கசிவுக் கிணற்றுக்குப் போகும்படி செய்தார்.

கசிவுக் கிணறுதான் பெரிய வேலை. பழைய குழியை அப்படியே தூர்வாரினால் போதாதா என்று நானும் கேட்டேன். அவர் குழியின் ஓரத்து மண்ணை உருண்டை பிடித்துக் காட்டினார். பிசுபிசுவென்று ஒட்டியது. மேலே களிமண். அதற்குள் எவ்வளவு பெரிய குழி வெட்டினாலும் அது ஒரு தொட்டியாகத்தான் நிற்கும். எத்தனை அடி தோண்டுவது என்று முன்கூட்டியே எவராவது சொன்னால் நம்பக் கூடாதாம்; தண்ணீரை விடும் மண் தட்டுப்படும்வரை தோண்ட வேண்டும். இங்கே பதினொன்றாவது அடியில் மஞ்சள் சரளை வந்தது. அதற்குள் நாலடி இறங்கிப் பதினைந்தடியில் நிறுத்தினார்கள்.

மூன்றடி விட்டமுள்ள துளையிட்ட சிமென்ட் உறைகள் பதினைந்து இறக்கினார்கள். உறைக்கு வெளியே சுற்றிலும் ஜல்லி, அடியில் ஓரடி ஜல்லி. கான்கிரீட் தளம் கிடையாது. உள்ளே வேறெதுவும் நிரப்பவில்லை. அதனால் சுமார் 3,000 லிட்டர் ஒரே நேரத்தில் நிற்கும், நிற்கும்போதே கீழே இறங்கிக்கொண்டும் இருக்கும். பின்னாளில் சேறு படிந்தாலும் அள்ளி எடுக்கலாம். கிணற்றுக்குமுன் இரண்டடிச் சதுரத்தில் ஒரு சின்னத் தொட்டி. அதிலிருந்து கிணற்றுக்குப் போகும் குழாய் தொட்டியின் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருப்பதால் வண்டல் தொட்டியிலேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதை வாளியால் அள்ளினால் போதும்.

கார் நிற்கும் தரையில் ஓடும் தண்ணீரையும் இதிலேயே விடலாமே என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. அதில் எண்ணெயும் சோப்பும் வரும். மாடித் தண்ணீர் மட்டும்தான். அக்காவும் மாடியில் துணி துவைப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. செப்டிக் டாங்க் உள்ள வீடுகளில் கசிவுக் கிணற்றை அதிலிருந்து இடம் இருக்கும்வரை தள்ளி வைப்பார். கண்டிப்பாக இருந்தது ஆழ்துளைக் கிணறு விஷயத்தில். வடிகட்டாத தண்ணீரை அதற்குள் நேராக விட அவர் சம்மதிப்பதே இல்லை. மேல்மண்ணில் ஊறிப் போகும்போது தண்ணீர் வடிகட்டப்படுகிறது; போருக்குள் விட்டால் அழுக்கு நேராக நிலத்தடிக்கே போய்விடும்.

எல்லா வீட்டுக்கும் கிணறு பொருந்தாது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். சில அடியிலேயே பாறை வந்துவிடும் இடங்களில் தோண்டுவது வீண். அங்கே சம்ப் மட்டும்தான் கதி. கடலோர மணற்பாங்கான பகுதிகளில் இவ்வளவு ஆழமே தேவைப்படாது. இன்னொன்று, கசிவுக் கிணற்றில் விடும் தண்ணீர் மறுநாளே நம் போரில் வந்துவிடாது. அது தெருவுக்கே பொதுவாக இறங்கும். பல நூறு அடி ஆழத்தில் பாறை வெடிப்பிலிருந்து எடுக்கும் போருக்கு மேல்மட்டத்தில் இறக்கியது எட்டாமலே போகலாம். உடனே கையில் கிடைப்பது சம்புத் தண்ணீர்தான். அதனால் மழைக்காலத்தில் குடிநீர் வாரியத் தண்ணீரால் சம்பை வாயளவு நிரப்பி வைக்கக் கூடாது. பாதி காலியாக இருந்தால்தான் மழைக்கு இடம். அந்தத் தண்ணீரைக் குளிக்க, துவைக்க அப்படியே பயன்படுத்தலாம், குடிப்பதற்குக் கொதிக்க வைக்க வேண்டும்.

மூடிக் கிடந்த பழைய கிணறு இருக்கும் வீடுகளில் அவர் கூடுதல் எச்சரிக்கை காட்டுவார். திறந்ததும் ஆளை இறக்க மாட்டார். நன்றாகக் காற்றோட விட்டு, ஊதுகாற்றும் செலுத்தி, மேலே கயிற்றைப் பிடிக்க ஆள் வைத்தபின்தான் இறக்குவார். பெட்ரோல், டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகை அந்தக் குறுகிய இடத்தில் உயிரை எடுத்துவிடும்.

இப்படி ஒருவரை வேலைக்கு அழைக்கும்போது விலை கேட்பதற்குமுன் மூன்று கேள்விகள் போதும். ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று காட்டுவீர்களா? மண் பார்த்தபின் ஆழம் முடிவு செய்வீர்களா? முடித்தபின் தண்ணீர் விட்டுக் காட்டுவீர்களா? மூன்றாவதை இவர் கேட்காமலே செய்தார். மேல்தொட்டியிலிருந்து ஆயிரம் லிட்டரைக் கிணற்றில் திறந்துவிட்டு, நீர்மட்டத்தைக் குச்சியால் அளந்தார். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது அடி ஜல்லி தெரிந்தது. அடைமழையில் நிரம்பினாலும் மழை விட்ட ஓரிரு நாளில் இப்படி வடிந்துவிட வேண்டும்; வடியாவிட்டால் அடியில் சேறு கட்டிவிட்டது என்று பொருள்.

போகும்போது திருகுமூடியைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தார். “அக்கா, இது இல்லன்னா மொத்த வேலையும் வீண். தொலைச்சிடாதீங்க.” அக்கா அதில் ஒரு கயிறு கட்டிச் சாவிகளோடு மாட்டி வைத்தார்.

ஐப்பசி பிறந்து ஐந்தாறு நாள் கழித்து இரவு பதினொரு மணிக்கு அக்காவிடமிருந்து போன். பின்னால் மழைச் சத்தம். “கால்மணி ஆச்சு, தண்ணி தெளிஞ்சிடுச்சு. மூடியைத் திருகிட்டேன்” என்றார். “டிரம்முக்குள்ள விழற சத்தம் கேக்குதா பாரு.”