பிசினும் மெழுகும்

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, பாலாற்றை அடுத்திருப்பது மாதனூர். தோல் பதனிடுவதும் ஜோடு தைப்பதும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பலருக்கு ஜீவனம். சென்ற கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அங்கே ஒரு நண்பரின் இல்லத்துக்கு நாம் போயிருந்தபோது, வீடே கலங்கிக் கிடந்தது.

மறுநாள் காலை வேலூரில் மூத்த பிள்ளைக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. அதற்கென்று வாங்கிய தோல் ஜோட்டோடு முதல்நாள் இரவு அவன் கோவிலுக்குப் போனான். வழியில் யாரோ துப்பிய சூயிங்கத்தை வலது காலால் மிதித்துவிட்டு, அதை இடது காலால் தேய்த்து இரண்டிலும் அப்பிக்கொண்டான். பிரார்த்தனையில் பிடித்திருந்த மெழுகுவத்தியோ வெள்ளைச் சட்டையின் கையில் உருகி வழிந்திருந்தது.

நாம் போவதற்கு முன்பே பிள்ளை இடது ஜோட்டில் மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்திருந்தான். பிசின் கரைந்ததென்னவோ மெய்தான். ஆனால் அது அடித்தோல் முழுதும் பரவிவிட்டது. தோல் எண்ணெயைக் குடித்துக் கறுத்தது. அடிப்பாகத்தை ஒட்டியிருந்த பசையும் இளகி, விளிம்பு வாய் பிளந்துவிட்டது. "வலதுக்குச் சூடு காட்டிப் பார்க்கிறேன்" என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தவனை, ஜோட்டுத் தொழிலில் பழுத்த அவன் மாமா தடுத்தார்.

"நில்லுடா தம்பி. மெழுகு சூட்டுக்கு இளகித் தண்ணீராகும். பிசின் எவ்வளவு சுட்டாலும் தண்ணீராகாது. இன்னும் பிசுபிசுத்து உள்ளே போகும். பிசினுக்குக் குளிர், மெழுகுக்குச் சூடு" என்றார்.

அவர் சொன்னதில் ரசாயன நியாயம் இருக்கிறது. முற்காலத்துச் சூயிங்கம் நம் வீட்டுத் தோட்டங்களிலும் வளரும் சப்போட்டா மரத்தின் பாலிலிருந்து வந்தது. இன்றைய சரக்கில் பெரும்பாலும் செயற்கை ரப்பர் வகைகளே சேருகின்றன. இவை உடம்புச் சூட்டிலேயே குழைந்துவிடும். நன்றாய்க் குளிர்ந்தாலோ கண்ணாடி போல நொறுங்கும். வீதியில் ஒட்டும் இந்தச் சங்கடத்தை முன்னிட்டே சிங்கப்பூர் அரசாங்கம் 1992-ல் இதன் விற்பனையைத் தடுத்தது. 2004 முதல் மருந்துக்கானவற்றை மட்டும் அனுமதிக்கிறது.

வலது ஜோட்டை மாமா ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்பெட்டியின் ஐஸ் அறையில் ஒரு மணி நேரம் வைத்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார், பள்ளம் விழவில்லை. அதுவே அடையாளம். பழைய கரண்டியின் மழுங்கிய விளிம்பை ஓரத்தில் கொடுத்து நெம்பினார். பிசின் சில்லு சில்லாய்த் தெறித்தது. இடையில் குழையத் தொடங்கியதும் வலிந்து சுரண்டாமல் மறுபடி ஐஸ் அறைக்கு அனுப்பினார். தோலில் எஞ்சிய மெல்லிய படலத்தை நைசான உப்புத்தாளால் இலேசாய்த் தேய்த்து எடுத்தார்.

அடிப்பாகம் ரப்பராயிருந்தால் உப்புத்தாள் வேண்டாம். எஞ்சிய பிசுக்கின்மேல் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்துத் துடைக்கலாம். விலைச்சீட்டை உரித்தபின் நிற்கும் பசைக்கும் இதுவே வழி. பிறகு சோப்பு நீரால் அவசியம் கழுவவேண்டும்; எண்ணெய் நின்றால் நடப்பவர் வழுக்கி விழுவார். தோல் அடிக்கு மட்டும் எண்ணெய் ஆகாது. இடது ஜோடே அதற்குச் சாட்சி.

சட்டைக்கு வந்தோம். ஐஸ் கட்டியை மெழுகின்மேல் வைத்து இறுக்கி, மேலே நின்றதை முதலில் சுரண்டியாயிற்று. அதன்பின் கறையின் மேலும் கீழும் அச்சில்லாத வெள்ளைத்தாளை வைத்து, மிதமான சூட்டில் பெட்டியை ஒற்றி எடுத்தார் வீட்டம்மாள். மெழுகு ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரியில் உருகுவதால் கடுஞ்சூடு தேவையில்லை. உருகியதைத் தாள் உறிஞ்ச, எண்ணெய் பட்டதுபோல் தெரிந்தது. புதுத்தாள் மாற்றி மாற்றி, தாளில் கறை தெரியாத வரையில் ஒற்றினார். செய்தித்தாளை வைத்திருந்தால் மை துணியில் ஏறியிருக்கும். முடிவில் வெந்நீரில் சோப்பிட்டு அலசியதும் சட்டை வெளுத்தது. வர்ண மெழுகாயிருந்தால் சாயம் தங்கிவிடும். பட்டுக்கோ இந்தச் சூடும் அதிகம். அப்படிப்பட்டதைச் சலவைக்காரரிடம் கொடுப்பதே நல்லது. சூயிங்கம் ஒட்டிய துணிக்கும் முதலில் ஐஸ்தான். தெரியாமல் இஸ்திரி போட்டுவிட்டால் பிசின் இழைக்குள் புகுந்துகொள்ளும், பிறகு ஐஸும் உதவாது.

இடது ஜோட்டின் பிளந்த விளிம்பை மாமா பழைய பசை நீக்கிப் புதுப் பசையிட்டு, இரவு முழுதும் கனமான கல்லின் கீழ் வைத்தார். கறுப்பு மட்டும் போகவில்லை. காலையில் வெள்ளைச் சட்டையோடு பிள்ளை வேலூர் பஸ் ஏறினான். கறை காலடியில் இருந்தபடியால் அது எவர் கண்ணிலும் படவில்லை.