தப்பான படங்களைத் தேடுங்கள்

“கத்தரிக்காய் எங்கே?” என்று மடிக்கணினியிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. திரையில் மூன்று படங்கள்: கத்தரிக்காய், பஸ், பூனை. நாலு வயதுக் குழந்தை சட்டென்று கத்தரிக்காயைத் தொடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். ஆனால் அந்தக் குழந்தைக்குக் கத்தரிக்காய் தெரியுமா? இந்தக் கேள்வியை வைத்துச் சொல்ல முடியாது. பஸ்ஸும் பூனையும் அதற்கு முன்பே தெரியும். கேட்டது அந்த இரண்டும் இல்லை என்று மிச்சமிருந்ததைத் தொட்டிருக்கலாம்.

எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு வினாடி வினா செய்ய உட்காருபவர்கள் சரியான படத்தைத் தேடத்தான் அதிக நேரம் செலவழிக்கிறார்கள். அந்த நேரத்தைத் தப்பான படங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

படத்தைத் தொட்டுப் பதில் சொல்லும் முறை ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் லாய்டு டன், லியோடா டன் இருவரும் 1959இல் வெளியிட்ட பீபாடி படச் சொற்சோதனை இப்படிப்பட்டதுதான். ஒரு பக்கத்தில் நான்கு படங்கள் இருக்கும். சோதிப்பவர் ஒரு சொல்லைச் சொல்வார். குழந்தை அதற்குரிய படத்தைக் காட்டினால் போதும். படிக்க வேண்டாம், எழுத வேண்டாம், வாய் திறந்து பேசக்கூட வேண்டாம்.

நம் கத்தரிக்காய்க்கே வருவோம். பஸ்ஸையும் பூனையையும் எடுத்துவிட்டு ஒரு வெண்டைக்காயும் ஊதா நிறப் பந்தும் வைத்துப் பாருங்கள். இப்போது குழந்தை எதைத் தொட்டாலும் நமக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. வெண்டைக்காயைத் தொட்டால், கேட்டது ஏதோ ஒரு காய் என்ற வரைக்கும் அதற்குப் புரிந்திருக்கலாம். எந்தக் காய் என்பது தெரியவில்லை. பந்தைத் தொட்டால், கத்தரிக்காய் என்றதும் நிறம்தான் அதன் நினைவுக்கு வருகிறது என்று எண்ண இடமிருக்கிறது. ஒரே பதிலை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது, ஆனாலும் அடுத்து என்ன கேட்கலாம் என்பதற்கு இது வழிகாட்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பச்சையில் வெள்ளை வரியோடிய கத்தரிக்காயே வாங்கிச் சமைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஊதாக் கத்தரிக்காய் அந்நியமானது. படத்தைத் தேர்ந்தெடுக்கும்முன் அந்தப் பிள்ளைகளின் தெருவில் வரும் காய்கறி வண்டியை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்த தொல்லை பெயரில் வரும். “ப என்ற சத்தத்தில் தொடங்குவது எது?” என்று கேட்டுவிட்டுப் பசுவின் படத்தை வைக்கிறோம். குழந்தை அதைப் பார்த்து மனதுக்குள் ‘மாடு’ என்று சொல்லிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது. கிளியை வைத்துவிட்டுப் ‘பறவை’ என்று எதிர்பார்த்தாலும் இதே கதைதான். சொல்லைக் குரலில் சொல்லிப் படத்தைத் தொடச் சொல்லும் கேள்வியில் இந்தத் தொல்லை குறைவு. சத்தத்தைக் கேட்கும் கேள்வியிலோ குழந்தை தானாகவே படத்துக்குப் பெயர் வைக்க வேண்டியிருப்பதால் மொத்தமும் கெட்டுப்போகும். ஸ்நாட்கிராஸ், வாண்டர்வார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் 260 கோட்டுப் படங்களைத் தொகுத்தபோது, ஒவ்வொரு படத்தையும் பார்ப்பவர்கள் எந்த அளவுக்கு ஒரே பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும் கணக்கெடுத்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. வினாடி வினாவில் கலந்துகொள்ளாத ஐந்தாறு பிள்ளைகளிடம் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி “இது என்ன?” என்று கேட்டாலே போதும். ஆளுக்கொரு பெயர் சொல்லும் படங்களைச் சத்தக் கேள்விகளிலிருந்து எடுத்துவிடலாம்.

படங்கள் மூன்றும் ஒரே கையால் வரைந்தவை போலிருக்க வேண்டும். ஒன்று புகைப்படம், இரண்டு கார்ட்டூன் என்று கலந்தால் விரல் தனித்துத் தெரிவதை நோக்கித்தான் போகும். அளவும் பின்னணியும்கூட ஒன்றாக இருக்கட்டும்.

எத்தனை படம், எத்தனை கேள்வி? சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று படம், ஒன்பது கேள்வி என்பது என் கணக்கு. சரியான விடை இடப்பக்கம் மூன்று முறை, நடுவில் மூன்று முறை, வலப்பக்கம் மூன்று முறை வரட்டும், வரிசை மட்டும் கலைந்திருக்கட்டும். எதைக் கேட்டாலும் நடுப்படத்தையே தொடும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இந்த அமைப்பில் சரியாக மூன்று மதிப்பெண்தான் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சராசரி மூன்றுதான். குருட்டாம்போக்கில் ஆறோ அதற்கு மேலோ வாங்க நூற்றுக்கு நாலு பேரால்தான் முடியும். ஐந்து வாங்குவதை நம்ப முடியாது; அந்த எல்லையை எட்டவோ தாண்டவோ நூற்றில் பதினாலு பேருக்கு அதிர்ஷ்டமே போதும்.

இதைச் செய்யத் தனிச் செயலி வேண்டாம், பவர்பாயிண்ட் போதும். ஒரு சிலைடில் மூன்று படங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் Insert, Link, Place in This Document வழியாக அது போக வேண்டிய சிலைடைக் காட்டுங்கள். கேள்வியை Record Audio மூலம் உங்கள் குரலிலேயே பதிந்து, தானாக ஒலிக்கும்படி Start என்ற இடத்தில் Automatically வையுங்கள். பிறகு Set Up Slide Show போய் Browsed at a kiosk என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இது. இதைச் செய்யாவிட்டால் குழந்தை வெற்றிடத்தைத் தொட்டாலே அடுத்த சிலைடு வந்துவிடும், விடை எது என்றே தெரியாது.

கேள்வி முடியும்முன்பே தொட்டுவிடும் அவசரக் கைகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே மாதிரி இரண்டு சிலைடுகள் போடுங்கள். முதலாவதில் குரல் உண்டு, இணைப்பு இல்லை. Transitions பகுதியில் After என்பதற்கு நாலு விநாடி கொடுத்தால், குரல் முடிந்ததும் அது தானாக இரண்டாவதற்கு மாறிவிடும். இரண்டாவதில் After குறியை எடுத்துவிட்டு, படங்களுக்கு இணைப்பு கொடுங்கள். குழந்தையின் கண்ணுக்குத் திரை மாறியதே தெரியாது, தொடுவது மட்டும் இப்போதுதான் வேலை செய்யும். கேள்வியை மறுபடி கேட்க ஒரு காதுப் படத்தை ஓரத்தில் வைத்து, முதல் சிலைடுக்கு இணைத்துவிடலாம்.

விளையாட்டா, சோதனையா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சோதனை என்றால் எந்தப் படத்தைத் தொட்டாலும் அடுத்த கேள்விக்கே போகட்டும். சரி, தப்பு என்று எதுவும் சொல்ல வேண்டாம். விளையாட்டு என்றால் சரியான படத்துக்குக் கைதட்டல் ஒலி வைக்கலாம். தப்புக்கு ‘டொய்ங்’ என்று வேடிக்கைச் சத்தம் வைத்தீர்களோ, பிள்ளைகள் அதைக் கேட்பதற்காகவே தப்பாகத் தொடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அதுதான் இருப்பதிலேயே நல்ல சத்தம்.

எதைத் தொட்டார்கள் என்பதை இந்த அமைப்பு பதிந்து வைக்காது. பெரியவர் ஒருவர் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து இட, நடு, வல என்று குறிக்க வேண்டும். அவர் குழந்தைக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். எதிரில் உட்கார்ந்தால் பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். சரியான படத்தின்மேல் அவர் பார்வை ஒரு கணம் கூடுதலாக நின்றாலும் விரல் அங்கே போய்விடும்.

எல்லாம் தயாரானபின் ஒரு சோதனை பாக்கியிருக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டு, இந்த வினாடி வினாவுக்கு வராத சில பிள்ளைகளிடம் திரையைக் காட்டி, “உனக்குப் பிடித்ததைத் தொடு” என்று சொல்லுங்கள். கேள்வியே இல்லாதபோது தொடுதல்கள் மூன்று படங்களுக்கும் ஏறக்குறையப் பிரிந்து விழ வேண்டும். பலரும் ஒரே படத்தைத் தொட்டு, விடையும் அதுவாகவே இருந்தால், அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை நம்ப முடியாது. கிளி, காகம், கோழி மூன்றில் கிளிதான் விடை என்றால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். கேள்வியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. காகத்தின் இடத்தில் மயிலையும் கோழியின் இடத்தில் மீன்கொத்தியையும் வைத்து, மறுபடி ஒலியில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம்.