ஜூலியனை ஒதுக்காமல் மேலே போவது எப்படி?

லியோன் நகரில் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சப்ளையரின் பில் மூன்று வாரமாக நிற்கிறது. ஆர்டரில் இருப்பது 4,200 யூரோ, பில்லில் இருப்பது 4,650. கணக்குப் பிரிவில் ஜூலியன் என்று ஒருவர், ஒப்புதல் தரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பணம் போகாவிட்டால் சரக்கு நின்றுவிடும். இனி மேலாளரிடம் போகாமல் முடியாது.

ஒருவரைத் தாண்டி மேலே போவதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கூர்-சிர்க்யூத்தே' என்பார்கள். மின்சார ஷார்ட் சர்க்யூட்டிலிருந்து வந்த சொல். இந்தப் பெயர் ஒருமுறை வந்துவிட்டால் போகாது. அதே காரியத்துக்கு நல்ல சொல்லும் உண்டு: 'ஃபேர் ரெமோந்தே'. விஷயத்தை மேலே கொண்டுபோவது என்று பொருள். ஜூலியனுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம்.

எனவே முதல் வேலை ஜூலியனிடம் பேசுவது. "இதை நாம் சேர்ந்தே மேலே சொல்லலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் நிம்மதி அடைவார். 450 யூரோ வித்தியாசத்தை ஏற்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, அதனால்தான் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிக்கல் ஜூலியன் அல்ல, எடுக்கப்படாத ஒரு முடிவு. இது புரிந்தால் கடிதம் தானாகவே மாறிவிடும்.

தலைப்பில் 'அர்பித்ராஜ்' என்ற சொல்லைப் போடுங்கள். இரண்டு வழிகளில் ஒன்றை மேலாளர் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது அதன் பொருள். முதல் வரி, 'ஆன் அக்கோர் அவெக் ஜூலியன், ஜ ம பெர்மே த வூ சொலிசித்தே': ஜூலியனின் சம்மதத்தோடு தங்களை அணுகுகிறேன். அடுத்து இரண்டு தொகைகள், வெள்ளிக்கிழமைக் கெடு. பிறகு கேள்வி: வித்தியாசத்தை ஏற்கலாமா, திருத்திய பில் கேட்கலாமா? வியாழன் மதியத்துக்குள் சொல்ல முடியுமா?

பலரும் சறுக்குவது ஒரு வாக்கியத்தில்தான். 'பலமுறை நினைவூட்டியும் ஜூலியனிடமிருந்து பதில் இல்லை' என்று எழுதினால் அது புகார். 'அ ஸ ஜூர், ல புவேன் ரெஸ்த் ஊவேர்' என்றால், இன்றுவரை இந்த விஷயம் தீராமல் இருக்கிறது என்று மட்டுமே. இதில் யார்மேலும் விரல் நீளவில்லை.

ஜூலியன் பதிலே சொல்லாவிட்டால் 'சம்மதத்தோடு' என்று எழுதக் கூடாது, அது பொய். 'ஜூலியனுக்குத் தெரிவித்திருக்கிறேன், அவருக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன்' என்பது போதும். நகல் வெளிப்படையாக இருக்கட்டும். மறைநகல் மட்டும் வேண்டவே வேண்டாம். மறைநகல் பெற்றவர் 'எல்லோருக்கும் பதில்' பொத்தானை அழுத்தினால் போதும், விஷயம் வெளியே வந்துவிடும்.

முடிவு வந்ததும் சப்ளையருக்கு அதைத் தெரிவிக்கும் கடிதத்தை ஜூலியனே எழுதட்டும்.